நண்பர்களோடு போட்ட ட்ரிப்பிலிருந்து விலகும்போது: புக்கிங்கும் மனசும் கெடாமல் மெசேஜ் அனுப்ப முழு வழிகாட்டி

ஒரு வருஷமாகப் பேசி, ஆறு பேருக்கும் ஒத்து வருகிற ஒரு வாரக்கடைசியைப் பிடித்து, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. இப்போது உங்களால் போக முடியவில்லை. போதாததற்கு, எல்லா புக்கிங்கும் உங்கள் பெயரில், உங்கள் போனில், உங்கள் லாகினில் இருக்கிறது. யாராவது ஒருவர் விலகுவது ஒன்று, ஏற்பாடு செய்தவரே விலகுவது இன்னொன்று. அவர் வரவில்லை என்றதும் மற்றவர்களுக்கு ட்ரிப்பே இல்லை என்று தோன்றிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் அந்த ஒரு நிலைமையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஏற்பாடு செய்தவர் வரவில்லை, மீதி ஐந்து பேர் போகலாம். மொத்த ட்ரிப்பையும் கைவிட வேண்டிவந்தால் என்ன செய்வது என்பது கடைசியில் சுருக்கமாக வரும்.

புரிவதற்கு ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். தேவி, ஜெனி, பிரியா, முபாரக், விக்கி, சரவணன் என்று ஆறு பேர். வியாழக்கிழமை 13ஆம் தேதி இரவு சென்னை சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ், மூன்றடுக்கு ஏசி. மேட்டுப்பாளையத்தில் இறங்கி வேனில் குன்னூர். அங்கே மூன்று ரூம் உள்ள ஒரு காட்டேஜில் இரண்டு இரவு. ஞாயிறு 16ஆம் தேதி இரவு அதே ரயிலில் திரும்புதல். காட்டேஜ் வாடகை மொத்தம் 18,000 ரூபாய், வேன் 15,000. இரண்டுக்கும் சேர்த்து 9,000 அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, ஆளுக்கு 1,500. டிக்கெட் தேவியின் ஐஆர்சிடிசி கணக்கில், போக ஒரு பிஎன்ஆர், வர ஒரு பிஎன்ஆர், ஒவ்வொன்றிலும் ஆறு பெயர். 1ஆம் தேதி சனிக்கிழமை தேவிக்குத் தெரிகிறது: அப்பாவின் ஆபரேஷன் 14ஆம் தேதி.

முதலில் முடிவு, அப்புறம் மெசேஜ்

"பார்க்கலாம், ட்ரை பண்றேன்" என்பதுதான் குரூப்பில் அதிகச் சேதம் செய்கிற வாக்கியம். அதைப் படித்தவர்கள் உங்கள் இடத்தை நிரப்பவும் மாட்டார்கள், நீங்கள் வருவதாக நம்பவும் மாட்டார்கள். பத்து நாள் அப்படியே போகும், அதற்குள் பணம் திரும்பக் கிடைக்கிற கெடு எல்லாம் தாண்டிவிடும். வர முடியுமா முடியாதா என்பதை முதலில் உங்களுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் தேதி மாறினாலும் மாறலாம் என்ற நப்பாசை தேவிக்கு இருக்கும். தேதி மாறினால் அப்போது புது டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். அந்த நப்பாசையை மற்ற ஐந்து பேரின் தலையில் ஏற்றக் கூடாது.

அதே சமயம், தெரிந்த அந்த அரைமணி நேரத்திலேயே குரூப்பில் போடுவதும் சரியில்லை. படபடப்பில் எழுதுகிற மெசேஜில் "சாரி" நிறைய இருக்கும், தகவல் இருக்காது. ஒரு மாலை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அந்த மாலையில் செய்ய வேண்டிய வேலை அடுத்து வருகிறது.

புக்கிங் ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள்

ஒவ்வொரு புக்கிங்குக்கும் நான்கு விஷயம் தெரிய வேண்டும்: யார் பெயரில் இருக்கிறது, யார் பணம் கட்டியது, யாரால் ரத்து செய்ய முடியும், எந்தத் தேதி வரை நஷ்டம் குறைவு.

ரயிலிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் அதிகமாகத் தப்பு நடப்பது அங்கேதான். ஆறு பேர் உள்ள பிஎன்ஆரில் ஒருவரை மட்டும் ரத்து செய்யலாம். ஐஆர்சிடிசியில் Booked Ticket History போய் அந்த டிக்கெட்டைத் திறந்து Cancel Ticket கொடுத்தால் பெயர்கள் கட்டங்களோடு வரும். உங்கள் பெயருக்கு நேரே மட்டும் டிக் செய்ய வேண்டும். அவசரத்தில் எல்லாப் பெயரையும் டிக் செய்துவிட்டால் ஆறு பெர்த்தும் போய்விடும், திரும்பப் பெற வழியே இல்லை. பன்னிரண்டு நாள் முன்னால் நீலகிரி எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் ஓடிக்கொண்டிருந்தால், மறுபடி ஐந்து டிக்கெட் எடுத்தாலும் உறுதியாகாமல் போகலாம். அதனால் இந்த வேலையை பஸ்ஸில் நின்றுகொண்டு செய்யாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து, முடிந்தால் கம்ப்யூட்டரில் செய்யுங்கள். ரத்து செய்த பிறகு ஐந்து பெயர் மட்டும் உள்ள புது டிக்கெட்டை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களின் பெர்த் எண் மாறாது.

பல நாள் முன்னால் ரத்து செய்தால் ஆளுக்கு ஒரு நிலையான தொகை மட்டுமே பிடிப்பார்கள்: ஸ்லீப்பருக்கு 120 ரூபாய், மூன்றடுக்கு ஏசிக்கு 180 ரூபாயோடு ஜிஎஸ்டி. ஐஆர்சிடிசி வாங்கிய சேவைக் கட்டணம் திரும்ப வராது. ரயில் கிளம்பும் நேரம் நெருங்க நெருங்க, கட்டணத்தில் கால் பங்கு, பாதி என்று பிடித்தம் ஏறும். சார்ட் போட்ட பிறகு உறுதியான டிக்கெட்டுக்கு எதுவும் கிடைக்காது. எத்தனை மணி நேரத்துக்கு முன் எவ்வளவு என்ற எல்லையை ரயில்வே அவ்வப்போது மாற்றும் என்பதால், ரத்து செய்கிற அன்று ஐஆர்சிடிசி தளத்தில் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தட்கலில் எடுத்து உறுதியான டிக்கெட் என்றால் ரத்து செய்தாலும் பணம் வராது.

இங்கே எல்லா குரூப்பிலும் வருகிற ஒரு யோசனை: "உன் டிக்கெட்டில் என் கசினைக் கூட்டிட்டுப் போறேன்." அது நடக்காது. உறுதியான டிக்கெட்டில் பெயரை மாற்ற ரயில்வே அனுமதிப்பது அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மகன், மகள், கணவன், மனைவி என்று நெருங்கிய குடும்பத்தினருக்குத்தான். அதையும் ரயில் கிளம்ப 24 மணி நேரம் முன்னால் முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். நண்பருக்கு மாற்ற முடியாது. மாற்றாமல் தேவியின் பெயரில் வேறு ஒருவர் ஏறினால், டிடிஇ அடையாள அட்டை கேட்கும்போது டிக்கெட் இல்லாதவர் கணக்கில்தான் வருவார். தேவி ரத்து செய்கிற பெர்த்தும் அந்தக் கசினுக்காகக் காத்திருக்காது. ஆர்ஏசியில், வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவர்களுக்கு அது வரிசைப்படி போய்விடும். புதிதாக வருகிறவர் சொந்தமாக டிக்கெட் எடுத்தாக வேண்டும். இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் குரூப்பில் இதைப் பற்றி நாற்பது மெசேஜ் ஓடாது.

இன்னொரு பயம், "டிக்கெட் போட்டவங்க கூட இல்லாம போகலாமா" என்பது. தாராளமாகப் போகலாம். இ-டிக்கெட்டில் பெயர் உள்ள, பயணம் செய்கிறவர்களில் ஒருவர் அசல் அடையாள அட்டை வைத்திருந்தால் போதும். ஆனால் புக்கிங்கில் கொடுத்த போன் நம்பருக்குத்தான் எஸ்எம்எஸ் எல்லாம் வரும். அது தேவியின் போன். அந்த இரவு ரயில் தாமதம் என்றால் முதலில் தெரிவது தேவிக்குத்தான்.

காட்டேஜ் வேறு மாதிரி. அங்கே வாடகை தலைக்கு இல்லை, வீட்டுக்கு. ஐந்து பேர் போனாலும் 18,000தான். ஆகவே ரத்து செய்ய எதுவும் இல்லை, பெயரை மாற்றுவதுதான் வேலை. இதை ஆப்பில் செய்யப் போனால் சில சமயம் ரத்து செய்து மறுபடி புக் செய்யச் சொல்லும், அப்போது அன்றைய வாடகை காட்டும். சீசனாக இருந்தால் அது ஏறியிருக்கும். அதனால் நேராக அந்த இடத்துக்குப் போன் போடுங்கள். பேச்சின் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: "புக்கிங் கேன்சல் இல்லைங்க, அப்படியே இருக்கு. ஆறுக்குப் பதிலா அஞ்சு பேர் வர்றாங்க, பேரும் நம்பரும் மட்டும் மாத்தணும்." கேன்சல் என்ற சொல் முதலில் காதில் விழுந்தால் அவர் அந்த தேதியைக் காலியென்று குறித்துவிடும் ஆபத்து உண்டு. பேசி முடித்ததும் அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பி, சரி என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள்.

வேனும் அப்படியே. டிரைவருக்கு முபாரக்கின் நம்பர் போக வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் வந்தது. அது வண்டி எண்ணுக்கும் தேதிக்கும் எடுப்பது. வண்டியும் தேதியும் மாறாதவரை நீங்கள் விலகுவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. உங்கள் போனில் இருக்கும் பாஸை அனுப்பினால் போதும்.

பணத்தில் எது உங்கள் பங்கு

மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதனால் மற்றவர்கள் மனசுக்குள் கணக்குப் போடும் முன் நீங்கள் போட்டுவிடுங்கள்.

செலவை இரண்டாகப் பிரியுங்கள். ஆள் குறைந்தாலும் குறையாத செலவு ஒன்று: காட்டேஜ் 18,000, வேன் 15,000, ஆக 33,000. ஆறு பேருக்கு ஆளுக்கு 5,500. தேவி போகாமல், தன் பங்கும் தராமல் இருந்தால் ஐந்து பேருக்கு ஆளுக்கு 6,600 ஆகிறது. அதாவது தேவியின் முடிவுக்காக ஒவ்வொருவரும் 1,100 கூடுதலாகக் கட்டுகிறார்கள். ஆளோடு போகிற செலவு இன்னொன்று: சாப்பாடு, நுழைவுச் சீட்டு, ரயில் டிக்கெட். அது வராதவருக்குக் கிடையாது.

என் கருத்து இது: புக் செய்த பிறகு விலகினால் குறையாத செலவில் உங்கள் பங்கு உங்களுடையதே. காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அப்படித்தான். தேவி 1,500 ஏற்கெனவே கொடுத்திருக்கிறாள், மீதி 4,000. நண்பர்கள் "அதெல்லாம் வேணாம்" என்று சொன்னால் அது அவர்களின் அன்பு, ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்த வார்த்தை அவர்களிடமிருந்து வர வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு முன்னால் நிற்கும்போது 4,000 உடனே தர முடியாது என்றால் அதையும் நேராகச் சொல்லலாம்: "ரெண்டு மாசத்துல தர்றேன்." தேதி சொன்னால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் உறுத்தும்.

குரூப்புக்கு முன்னால் இரண்டு போன்

குரூப்பில் போடுவதற்கு முன் எல்லோரையும் தனித்தனியாக அழைக்க வேண்டாம். ஐந்தாவது ஆளுக்குப் போன் போவதற்குள் முதல் ஆள் மூலம் அவருக்குச் செய்தி போய்விடும், "எனக்குத்தான் கடைசியில் தெரிஞ்சுது" என்ற வருத்தம் மிஞ்சும். இரண்டு பேருக்கு மட்டும் போதும்.

ஒருவர், உங்களை நம்பி வருகிறவர். நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. பிரியாவின் அம்மா "தேவி கூடப் போறான்னா சரி" என்று சொல்லித்தான் அனுமதி கொடுத்திருப்பார். தேவி இல்லை என்று பிரியா குரூப்பில் படித்துத் தெரிந்துகொண்டால், வீட்டில் எப்படிச் சொல்வது என்ற பதற்றம் அவளுக்கு உடனே வரும், அடுத்த நிமிஷம் "நானும் வரல" என்று போட்டுவிடுவாள். அவளை முதலில் கூப்பிட்டு, ஜெனி கூட இருக்கிறாள், ஒரு ரூம் உங்கள் இருவருக்கும்தான் என்று சொல்ல வேண்டும். தேவையென்றால் தேவியே அந்த அம்மாவிடம் பேச வேண்டும்: "ஆன்ட்டி, அப்பாவுக்கு ஆபரேஷன், நான் போகல. ஜெனியும் பிரியாவும் ஒரே ரூம்ல இருப்பாங்க. காட்டேஜ் நம்பர், டிரைவர் நம்பர் ரெண்டும் உங்களுக்கு அனுப்புறேன்." முடிவு அந்த வீட்டுடையது. ஆனால் அது தெரிந்த பிறகுதான் குரூப்பில் "அஞ்சு பேர்" என்று எழுத முடியும்.

இன்னொருவர், இனி பொறுப்பை எடுக்கப் போகிறவர். முபாரக்கைக் கேட்காமல் "இனி முபாரக் பார்த்துப்பான்" என்று எழுதாதீர்கள். ஐந்து நிமிஷப் பேச்சில் ஒப்புக்கொள்வார். கேட்காமல் மாட்டிவிட்டால் ஒப்புக்கொண்டாலும் முகம் சுருங்கும்.

இப்போது மெசேஜ்

பெரும்பாலானவர்கள் எழுதுவது இப்படி இருக்கும்:

> ஃப்ரெண்ட்ஸ், எப்படி சொல்றதுன்னே தெரியல. ரொம்ப ரொம்ப சாரி. வீட்ல கொஞ்சம் சிச்சுவேஷன் சரியில்ல. ட்ரிப் கேன்சல் பண்ண வேண்டியதாயிடுச்சு. என்னை மன்னிச்சிடுங்க. டிக்கெட் எல்லாம் என்ன பண்ணலாம்னு சொல்லுங்க. போஸ்ட்போன் பண்ணலாமா?

இதில் பாசம் இருக்கிறது, ஆனால் ஐந்து சிக்கலும் இருக்கிறது. முதல் இரண்டு வரியில் செய்தியே இல்லை, படிக்கிறவர் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறுவார். "ட்ரிப் கேன்சல்" என்பதைப் பார்த்ததும் விக்கி ஆபீஸில் போட்ட லீவை வாபஸ் வாங்கிவிடுவான். அப்புறம் ட்ரிப் நடக்கிறது என்று தெரிந்தாலும் அந்த லீவு திரும்பக் கிடைக்காமல் போகலாம். "சிச்சுவேஷன்" என்றால் என்னவென்று கேட்டு ஐந்து பேரும் தனித்தனியாகப் போன் செய்வார்கள். டிக்கெட்டை என்ன செய்வது என்ற வேலை தெரியாதவர்கள் தலையில் விழுகிறது. கடைசியில் போஸ்ட்போன் என்ற ஒரு கேள்வி, ஏற்கெனவே முடிந்த எல்லாவற்றையும் மறுபடி பேச்சுக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

தேவி 2ஆம் தேதி ஞாயிறு மாலை அனுப்ப வேண்டியது இப்படி இருக்கலாம்:

> எல்லாருக்கும் ஒரு விஷயம். நான் குன்னூர் வரல. அப்பாவுக்கு 14ஆம் தேதி ஆபரேஷன்னு நேத்து முடிவாச்சு. பயப்படுற மாதிரி இல்ல, ஆனா நான் கூட இருக்கணும்.
>
> ட்ரிப் அப்படியே இருக்கு. உங்க அஞ்சு பேர் டிக்கெட், காட்டேஜ், வேன் எதையும் நான் தொடல, யாரும் லீவை மாத்தாதீங்க.
>
> டிக்கெட்ல என் பேரை மட்டும் செவ்வாய் ராத்திரி எடுத்துடுறேன். காட்டேஜ், வேன்ல என் பங்கு மீதி 4,000. அதை முபாரக்குக்கு அனுப்பிடுறேன், உங்க யாருக்கும் செலவு ஏறாது.
>
> இனிமே முபாரக் பார்த்துப்பான், அவன்கிட்ட பேசிட்டேன். காட்டேஜ்காரர், டிரைவர் ரெண்டு பேர்கிட்டயும் அவன் நம்பரைக் கொடுத்துட்டேன்.
>
> என் இடத்துல வேற யாரையாவது கூப்பிடணும்னா செவ்வாய் 9 மணிக்குள்ள பேசி முடிவு பண்ணுங்க. அவங்க தனியா டிக்கெட் எடுக்கணும், என் டிக்கெட்டை மாத்த முடியாது.
>
> ஒரு வருஷமா பேசின ட்ரிப், எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. போயிட்டு வாங்க.

வரிசையைக் கவனியுங்கள். யார் வரவில்லை என்பது முதல் வரியில். ட்ரிப் இருக்கிறது என்பது உடனே அடுத்த பத்தியில், அதுவும் லீவைப் பற்றிய குறிப்போடு. பணம் ஒரே எண்ணில். கேட்பது ஒரே ஒரு விஷயம், அதற்கு ஒரு கெடு. வருத்தம் கடைசியில், ஒரே வரியில். அதை முன்னால் வைத்தால் மற்றவர்கள் உங்களுக்கு ஆறுதல் சொல்வதிலேயே மெசேஜின் மீதி காணாமல் போகும்.

செவ்வாய் வரை டிக்கெட்டை ரத்து செய்யாமல் வைத்திருப்பது ஏன்? அதுவரை பிடித்தம் ஏறாது, அதே 180தான். அந்த இரண்டு நாளில் ஐந்து பேரும் சேர்ந்து வேறு ஏதாவது முடிவுக்கு வந்தால் எல்லாவற்றையும் ஒரே முறையில் செய்யலாம். கெடு நெருங்கிவிட்ட நேரம் என்றால் இப்படிக் காத்திருக்க வேண்டாம்.

காரணத்தைப் பற்றி ஒரு சொல். உண்மையானதாக, ஒன்றாக, ஒரு வரியில் இருந்தால் போதும். மூன்று காரணம் அடுக்கினால் எதுவும் நம்பும்படி இருக்காது. சொல்ல விருப்பமில்லாத விஷயம் என்றால், "வீட்ல ஒரு விஷயம், அப்புறம் நேர்ல சொல்றேன்" என்பதே முழுமையான பதில். பணம் இல்லை என்பதுதான் காரணம் என்றால் பலர் அதற்குக் காய்ச்சல் என்று பெயர் வைப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நண்பர்கள் "அதுக்குள்ள சரியாயிடும், வா" என்பார்கள், அடுத்து இன்னொரு பொய் தேவைப்படும். நெருங்கிய ஒருவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டு, குரூப்பில் "இந்த மாசம் எனக்கு முடியல" என்று நிறுத்திக்கொள்ளலாம்.

இதை வாய்ஸ் நோட்டாக அனுப்பாதீர்கள். தேதியும் தொகையும் பிறகு தேடி எடுக்கிற மாதிரி எழுத்தில் இருக்க வேண்டும். எல்லோரும் வேலை முடிந்து இருக்கிற மாலை நேரம் நல்லது. நள்ளிரவில் போட்டால் காலையில் ஒவ்வொருவரும் தனியாகப் படித்து, அரைத்தூக்கத்தில் பதில் போடுவார்கள்.

பதில்கள் வரும்போது

முதலில் வருவது "நீ இல்லாம நாங்க மட்டும் எதுக்கு?" அது அன்புதான், ஆனால் இதற்கு இரண்டு பேர் ஆமாம் போட்டால் ட்ரிப் அங்கேயே நின்றுவிடும். ஒரே முறை, தெளிவாக, கெஞ்சாமல் பதில் சொல்லுங்கள்: "நீங்க போகலைன்னா எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கும். போயிட்டு வாங்க." அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க வேண்டாம்.

அடுத்தது போஸ்ட்போன். இதற்கு எண்ணில் பதில் சொல்வது நல்லது. ஆறு பேர், போக வர இரண்டு டிக்கெட், ஆளுக்கு 180 வீதம் 2,160 ரூபாயும் ஜிஎஸ்டியும் ரத்துக்கே போகும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, ஆகவே மூன்று மாதம் கழித்து ஒரு தேதிக்கு இன்று டிக்கெட் போட முடியாது. அட்வான்ஸை காட்டேஜ்காரர் வேறு தேதிக்கு மாற்றுவாரா என்பது அவர் கையில். இதையெல்லாம் பார்த்த பிறகும் ஐந்து பேரும் தள்ளிப்போடத்தான் விரும்பினால் அது அவர்கள் முடிவாக இருக்கட்டும், உங்களுக்காகச் செய்த தியாகமாக வேண்டாம்.

உண்மையான ஆபத்து இரண்டாவது ஆள் விலகுவதுதான். சரவணன் அரைமனதாக இருந்தவன் என்றால் இதுதான் அவனுக்குச் சாக்கு. அவனும் பங்கு தராமல் விலகினால், தேவி கட்டிய 5,500 போக மீதி 27,500 நான்கு பேர் மேல் விழும், ஆளுக்கு 6,875. அப்போது மூன்றாவது ஆள் யோசிப்பார். இதைத் தடுக்கத்தான் முதல் மெசேஜிலேயே உங்கள் பங்கை நீங்கள் கட்டுவதாக எழுதியது. அடுத்து விலகுகிறவருக்கும் அதே அளவுகோல் என்பது சொல்லாமலே புரியும்.

யாராவது கோபப்பட்டால் குரூப்பில் விளக்கம் கொடுக்காதீர்கள், போன் செய்யுங்கள். ஜெனி இந்த மூன்று நாளுக்காக இரண்டு நைட் ஷிஃப்ட் மாற்றி வாங்கியிருக்கலாம். அவள் சொல்வதை முழுசாகக் கேட்டால் போதும், பதிலுக்கு அப்பாவின் ஆபரேஷனை எடுத்து வைக்க வேண்டாம். ஒன்றுமே சொல்லாமல் நீல டிக்கோடு நிற்கிறவரையும் மறுநாள் கூப்பிடுங்கள். கோபப்பட்டவரைவிட அவர்தான் அதிகம் வருந்தியிருப்பார்.

ஒப்படைப்பு

செவ்வாய் இரவு உங்கள் பெயரை ரத்து செய்ததும் முபாரக்குக்குத் தனியாக ஒரே மெசேஜில் எல்லாம் போகட்டும்: இரண்டு பிஎன்ஆர், ஐந்து பெயர் உள்ள புது டிக்கெட் இரண்டு, காட்டேஜ் நம்பரும் அட்வான்ஸ் ரசீதும், டிரைவர் நம்பர், வண்டி எண், இ-பாஸ், இன்னும் கொடுக்க வேண்டிய பாக்கி 24,000 எப்போது யாருக்கு என்பது. கூடவே உங்களுக்கு மட்டும் தெரிந்த சின்ன விஷயங்கள்: பிரியா அசைவம் சாப்பிட மாட்டாள், விக்கிக்கு மலைப்பாதையில் வாந்தி வரும், வேனில் முன் சீட் கொடுக்க வேண்டும்.

குரூப்பின் அட்மினாக அவரைச் சேர்த்துவிடுங்கள். நீங்கள் குரூப்பை விட்டு வெளியே போகாதீர்கள், போனால் கோபித்துக்கொண்டு போனதாகத் தெரியும். வேண்டுமானால் மியூட் செய்துகொள்ளலாம். ஆனால் அங்கிருந்து "லாம்ப்ஸ் ராக் காலையிலேயே போயிடுங்க" என்று வழிநடத்தவும் வேண்டாம். வியாழன் இரவு மட்டும் போனை ஆனில் வைத்திருங்கள், ரயில் பற்றிய எஸ்எம்எஸ் வந்தால் உடனே அனுப்ப வேண்டும்.

ட்ரிப்பே வேண்டாம் என்று முடிவானால்

அப்போது மெசேஜின் முதல் வரி "யாரும் போகலை, 13ஆம் தேதி ட்ரிப் இல்லை" என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும். அடுத்து யார் எதை எப்போது ரத்து செய்கிறார் என்பது. ரயிலை முதலில் செய்யுங்கள், அதில்தான் மணிக்கணக்கில் பணம் கரைகிறது. காட்டேஜ்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பதைவிட வேறு தேதிக்கு வைத்துக்கொள்ளக் கேட்டால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம். எத்தனை மாதம் வரை செல்லும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

மழையினால் கைவிடுகிறீர்கள் என்றால் மட்டும் ரயிலில் அவசரப்பட வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவால் மேட்டுப்பாளையம் - குன்னூர் மலை ரயில் நிறுத்தப்படுவது வழக்கம். நீங்கள் டிக்கெட் எடுத்த ரயிலை ரயில்வேயே ரத்து செய்தால் இ-டிக்கெட்டுக்கு முழுப் பணமும் தானாக வந்துவிடும். நீங்கள் முந்திக்கொண்டு ரத்து செய்தால் பிடித்தம் போகத்தான் வரும். கெடு எது என்று பார்த்து, அதுவரை பொறுத்திருங்கள்.

திரும்பி வரும் பணம், டிக்கெட்டுக்குப் பணம் கட்டிய கணக்குக்கே போகும், சில நாள் ஆகும். ஆறு பேர் பணம் உங்கள் கணக்கில் கிடக்கிறது என்பதால் வந்த அன்றே கணக்கைப் போட்டுவிடுங்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட், அதன் கீழே இவ்வளவு போதும்:

> ரயில் பணம் இன்னைக்கு வந்துடுச்சு. கேன்சல் சார்ஜ் போக ஆளுக்கு எவ்வளவுன்னு ஸ்கிரீன்ஷாட்ல இருக்கு, எல்லாருக்கும் இப்பவே ஜிபே பண்ணிட்டேன். காட்டேஜ் அட்வான்ஸ் ஆறு மாசத்துக்கு அப்படியே இருக்கும்னு அவர் எழுதிக் கொடுத்துட்டார். வேன் அட்வான்ஸ் பாதிதான் வரும், வந்ததும் பிரிச்சு அனுப்புறேன். யாருக்காவது வரலைன்னா எனக்குத் தனியா சொல்லுங்க.